பாக்கிப் பட்டியலில் முதல் போன் யாருக்கு?

கடனுக்குச் சரக்கு கொடுக்கும் தொழில்களில் மாதக் கடைசியில் கணக்காளர் ஒரு தாளை அச்சிட்டு முதலாளி மேசையில் வைப்பார். யார் எவ்வளவு தர வேண்டும், அது எத்தனை நாளாக நிற்கிறது என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் தாள் அது. ஏஜிங் ரிப்போர்ட் என்பார்கள். பாக்கிகளை வயதுவாரியாகப் போட்ட பட்டியல். பெரும்பாலான இடங்களில் அதை வாசிக்கும் முறை ஒன்றுதான். கண் நேராகத் தாளின் வலது ஓரத்துக்குப் போகும். '90 நாளுக்கு மேல்' என்ற கட்டத்தில் இருக்கும் பெயர்களுக்கு அன்று காலையே போன் போகும். மற்றவர்கள் அடுத்த மாதம் வரை நிம்மதியாக இருப்பார்கள்.

அந்த வாசிப்பு தவறான ஆளைத் துரத்த வைக்கிறது என்பதை ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பாக்கியின் வயது ஒரு தகவல்தான். அந்தப் பாக்கி எந்த வடிவத்தில் நிற்கிறது, போன மாதம் எந்தக் கட்டத்தில் இருந்தது, எந்தத் தேதிக்குப் பிறகு அதைக் கேட்கும் உரிமையே போய்விடும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்று யாருக்குப் போன் போடுவது என்று தெரியும்.

கோவைப் பக்கம் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் அமைத்துக்கொண்ட உதாரணம்தான், ஆனால் இப்படிப்பட்ட தாள் அந்த வட்டாரத்தில் எத்தனையோ மேசைகளில் இருக்கும். அட்டைப்பெட்டி இல்லாமல் எந்தச் சரக்கும் வெளியே போகாது என்பதால் வாடிக்கையாளர்கள் பலவகை: திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர், கோவை பம்ப் தொழிற்சாலை, ஈரோடு மசாலாக் கம்பெனி, காங்கேயம் எண்ணெய் ஆலை, ஒரு பழைய பேக்கரி. பம்ப் தொழிற்சாலைக்கு 45 நாள் கடன், மற்ற எல்லோருக்கும் 30 நாள். 2025 அக்டோபர் 31 அன்று எடுத்த பட்டியல் இது. நாட்கள் எல்லாம் கடன் தவணை முடிந்த தேதியிலிருந்து எண்ணியவை, தொகை ரூபாயில்.

| பார்ட்டி | தவணை முடியாதது | 1–30 | 31–60 | 61–90 | 90க்கு மேல் | பில்லில் சேராத வரவு | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|---|
| பனியன் | 4,20,000 | 3,80,000 | 1,60,000 | – | – | – | 9,60,000 |
| பம்ப் | 3,00,000 | – | – | 2,36,000 | – | – | 5,36,000 |
| மசாலா | 1,50,000 | – | – | – | 1,80,000 | –1,75,000 | 1,55,000 |
| எண்ணெய் | 1,00,000 | 90,000 | – | – | – | – | 1,90,000 |
| பேக்கரி | – | – | – | – | 64,000 | – | 64,000 |
| மொத்தம் | 9,70,000 | 4,70,000 | 1,60,000 | 2,36,000 | 2,44,000 | –1,75,000 | 19,05,000 |

வலது ஓரத்தைப் பார்த்துப் போன் போடுகிறவர் முதலில் மசாலாக் கம்பெனியைப் பிடிப்பார், பிறகு பேக்கரியை, பிறகு பம்ப் தொழிற்சாலையை. பனியன்காரர் அந்தப் பக்கமே இல்லை. 60 நாளைத் தாண்டி அவர் ஒரு ரூபாய்கூட வைக்கவில்லை. அதனால் அவருக்குப் போன் போகாது.

யாரையும் கூப்பிடுவதற்கு முன், தாள் சரியானதா என்று பார்க்க வேண்டும். நாட்கள் எதிலிருந்து எண்ணப்பட்டிருக்கின்றன என்பது முதல் கேள்வி. டாலி போன்ற மென்பொருளில் பில் போட்ட தேதியிலிருந்தும் எண்ணலாம், தவணை முடிந்த தேதியிலிருந்தும் எண்ணலாம். பம்ப் தொழிற்சாலையின் 2,36,000 ரூபாய் பில் ஜூலை 4 அன்று போட்டது. 45 நாள் தவணை ஆகஸ்ட் 18 அன்று முடிந்தது. தவணையிலிருந்து எண்ணினால் அக்டோபர் 31 அன்று அதற்கு 74 நாள் வயது. பில் தேதியிலிருந்து எண்ணினால் 119 நாள், கட்டம் மாறி '90க்கு மேல்' போய் உட்கார்ந்துவிடும். ஒரே பில் இரண்டு தாளில் இரண்டு கட்டத்தில் நிற்கும். வங்கிக்குக் கொடுக்கும் பட்டியல் பெரும்பாலும் பில் தேதியில் எடுக்கப்படும். வசூலுக்குத் தவணைத் தேதிதான் பொருத்தம். எதில் எடுத்தாலும் மாதா மாதம் அதையே எடுக்க வேண்டும். ஒரு மாதம் ஒரு முறை, அடுத்த மாதம் வேறு முறை என்றால் இரண்டு தாளையும் ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது.

இரண்டாவது, பில்லில் சேராமல் நிற்கும் வரவு. மசாலாக் கம்பெனியின் வரிசையைப் பாருங்கள். 90 நாளுக்கு மேல் 1,80,000 ரூபாய் நிற்கிறது. பக்கத்திலேயே கழித்தல் குறியுடன் 1,75,000. பணம் எப்போதோ வங்கிக்கு வந்துவிட்டது. எந்தப் பில்லுக்கு என்று தெரியாததால் பதிவு செய்தவர் அதை On Account என்று போட்டு வைத்துவிட்டார். Agst Ref என்று போட்டுப் பில் எண்ணைக் காட்டியிருந்தால் அந்தப் பழைய பாக்கி அன்றே தாளிலிருந்து போயிருக்கும். இப்படி நின்ற பாக்கிக்குப் போன் போட்டுக் கேட்டால், கொடுத்த பணத்தையே மறுபடி கேட்கிறீர்களே என்று நல்ல வாடிக்கையாளர் நியாயமாகவே கோபிப்பார். 90 நாள் கட்டத்தின் 2,44,000 ரூபாயில் 1,75,000 பாக்கியே இல்லை. அந்தக் கட்டத்தில் கண்ணை வைத்துத் தொடங்குகிற வாசிப்பு முதல் அடியிலேயே இடறுவது இதனால்தான்.

எந்தப் பில்லுக்கு என்று தெரியவில்லை என்றால் நாமே பழைய பில்லில் கழித்துவிடலாமே என்று கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு வரிசை சொல்கிறது. கொடுப்பவர் இன்ன கடனுக்கு என்று சொன்னாலோ, சூழ்நிலையிலிருந்து அது புரிந்தாலோ, அந்தக் கடனுக்குத்தான் வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லவில்லை என்றால் வாங்குபவர் தன் விருப்பப்படி வைக்கலாம். இருவரும் எதுவும் செய்யவில்லை என்றால் பழையதிலிருந்து வரிசையாகக் கழியும். கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது என்று நான் சொல்வதற்குச் சட்டத்தைவிட நடைமுறைக் காரணம் வலுவானது. எல்லா வரவையும் கண்ணை மூடிக்கொண்டு பழைய பில்லில் கழிக்கும் அலுவலகத்தில், வாடிக்கையாளர் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கும் பில் தாளில் தெரியாமல் போகும். அவர் புதுப் பில்லுக்குப் பணம் அனுப்பியிருப்பார், நாம் பழையதில் கழித்திருப்போம். தாளில் எல்லாம் புதிதாகத் தெரியும், தகராறு மட்டும் அடியில் கிடக்கும்.

மசாலாக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பணம் அனுப்பிய விவரத்தைக் கேட்டால் போதும். அப்போது மிச்சம் 5,000 ரூபாயின் கதையும் வெளியே வரும். மழையில் நனைந்து வந்த பெட்டிகளுக்காக அவர்கள் டெபிட் நோட் போட்டுக் கழித்திருப்பார்கள். அது நியாயமென்றால் ஒரு கிரெடிட் நோட் போட்டு முடித்துவிடலாம். இது வசூல் வேலை இல்லை, கணக்கு வேலை. மேசையில் இருந்தபடியே அன்றைக்கே முடியும்.

தாள் சுத்தமானதும் ஒவ்வொரு வரிசையாக, இந்தப் பாக்கி என்ன வடிவத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பணம் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணங்கள் பலவகை. ஒவ்வொரு காரணமும் பட்டியலில் ஒரு தடம் விட்டுவைக்கும். எண்ணெய் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1–30 கட்டத்தில் 90,000. அவருடைய லெட்ஜரைத் திறந்தால் வருடம் முழுக்க ஒவ்வொரு பில்லும் தவணை தாண்டிப் பன்னிரண்டாம் நாளோ பதினைந்தாம் நாளோ தீர்ந்திருக்கும். அது அவர் வழக்கம். அவருக்கு 30 நாள் என்று நாம் எழுதியிருந்தாலும் அவர் நடத்துவது 45 நாள் கடன். அடுத்த முறை விலை பேசும்போது அந்த வட்டியை விலையில் சேர்க்க வேண்டும். இன்றைக்கு ஒரு நினைவூட்டல் செய்தி போதும். அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நாள், பதினைந்து நாள் இருபத்தைந்தாக மாறுகிற நாள். ஒருவரின் தாமதத்தை அவருடைய பழைய தாமதத்தோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து வரிசையோடு இல்லை.

பம்ப் தொழிற்சாலையின் வடிவம் வேறு. இடப்பக்கம் 3,00,000 தவணைக்குள் இருக்கிறது. நடுவில் இரண்டு கட்டமும் காலி. பிறகு ஒரே ஒரு முழுப் பில் மட்டும் 61–90இல் நிற்கிறது. அதற்குப் பிறகு போட்ட பில்களுக்கெல்லாம் தவணைப்படி பணம் வந்திருக்கிறது. கையில் பணம் இல்லாதவர் இப்படிச் செய்ய மாட்டார். பழையதை விட்டுப் புதியதைச் சரியாகக் கொடுக்கிறார் என்றால், அந்தப் பில்லில்தான் ஏதோ சிக்கல் இருக்கிறது.

பெரிய தொழிற்சாலைகளில் மூன்று தாள் ஒத்துப்போனால்தான் பில் கணக்குப் பிரிவைத் தாண்டும்: அவர்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர், ஸ்டோரில் சரக்கு இறங்கியதற்கான ஜி.ஆர்.என். ரசீது, நம்முடைய பில். ஆர்டரில் பெட்டிக்கு 38 ரூபாய், பில்லில் 40 ரூபாய் என்றால் கணினி அந்தப் பில்லை நிறுத்திவிடும். ஸ்டோரில் ரசீது போட மறந்தாலும் அதேதான். நிறுத்தியதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. கணக்குப் பிரிவுக்கு எத்தனை முறை போன் போட்டாலும் "பிராசஸ்ல இருக்குங்க சார்" என்ற பதில்தான் வரும், அவர்கள் கையில் அது இல்லை. கேட்க வேண்டிய ஆள் ஸ்டோர் கீப்பர். "அண்ணா, ஜூலை நாலாம் தேதி லோடுக்கு ஜி.ஆர்.என். நம்பர் என்னங்க?" என்று கேட்டால், "அது ரேட்டு ஒத்துவரலன்னு பர்ச்சேஸ்ல நிக்குதுங்க" என்று ஒரே நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். பிறகு பர்ச்சேஸ் பிரிவில் திருத்திய ஆர்டர் வாங்க வேண்டும், அல்லது விலை நம் தவறு என்றால் வித்தியாசத்துக்குக் கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும்.

இந்தப் பில்லுக்கு நம் கையில் இன்னொரு பிடியும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, வாங்கியவர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். பிற்பாடு பணம் கொடுத்ததும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எந்தக் கணக்குப் பிரிவும் அந்தத் தலைவலியை விரும்பாது. ஜூலை 4 பில்லுக்கு 180ஆம் நாள் டிசம்பர் 31. பர்ச்சேஸ் பிரிவுக்கு எழுதும் மின்னஞ்சலில் இந்தத் தேதியைக் குறிப்பிட்டுக் கணக்கு மேலாளருக்கும் ஒரு நகல் அனுப்பினால், அவர்களுக்குள்ளேயே ஒருவர் நம் பில்லுக்காகப் பேச ஆரம்பிப்பார்.

இனி பனியன் ஏற்றுமதியாளர். இந்தத் தாளில் நான் முதலில் பிடிக்கச் சொல்வது இவரைத்தான். ஆனால் அக்டோபர் தாளை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் காரணம் தெரியாது. ஆகஸ்ட், செப்டம்பர் தாள்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 31 அன்று அவர் கணக்கில் தவணை முடியாத ஆகஸ்ட் பில்கள் 4,10,000. 1–30 கட்டத்தில் ஜூலை பில்களின் வால் 1,20,000. மொத்தம் 5,30,000. அது அவருடைய வழக்கமான நிலை. தவணை தாண்டி ஒரு வாரம், பத்து நாளில் கொடுத்துவிடுவார். செப்டம்பரில் அந்த 1,20,000 வந்தது, அத்தோடு சரி. ஆகஸ்ட் பில்கள் தவணை தாண்டியும் ஒன்றுகூடத் தீரவில்லை. அதற்குள் செப்டம்பர் பில்கள் 3,80,000 சேர்ந்தன. செப்டம்பர் 30 அன்று 1–30 கட்டத்தில் 4,10,000, மொத்தம் 7,90,000. அக்டோபரில் 2,50,000 வந்தது, 4,20,000க்குப் புதுப் பெட்டி போனது. மொத்தம் 9,60,000.

வியாபாரம் கூடவில்லை. மாதத்துக்கு நாலு லட்சம் அளவில்தான் வாங்குகிறார். பாக்கி மட்டும் இரண்டே மாதத்தில் 5,30,000இலிருந்து 9,60,000 ஆகியிருக்கிறது. தொழிற்சாலைக்கு வெளியிலிருந்து வரவேண்டிய பணத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடம். இதில் எதுவும் வலது ஓரத்தில் தெரியவில்லை, ஏனென்றால் எல்லாமே இளம் பாக்கி. 90 நாள் கட்டத்துக்கு வந்து சேரும்போது இந்தத் தொகை பதினைந்து லட்சத்தைத் தொட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

பார்க்க வேண்டிய எண் இதுதான்: போன மாதம் ஒரு கட்டத்தில் இருந்ததில் எவ்வளவு இந்த மாதம் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது? செப்டம்பர் முடிவில் 1–30இல் இருந்த 4,10,000இல், 1,60,000 அக்டோபர் முடிவில் 31–60க்கு வந்துவிட்டது. நூற்றுக்கு 39. அதற்கு முந்தைய மாதம் அந்த எண் பூஜ்யம். ஆகஸ்டில் இருந்த 1,20,000 முழுதும் தீர்ந்திருந்ததே. பூஜ்யத்திலிருந்து 39க்கு ஒரே தாவல். நல்ல வாடிக்கையாளர் தடுமாற ஆரம்பிப்பதை இதைவிடச் சீக்கிரம் காட்டுகிற குறி இந்தத் தாளில் வேறு இல்லை.

வடிவமும் அதையே சொல்கிறது. அக்டோபரில் வந்த 2,50,000 எந்தப் பில்லோடும் பில்களின் கூட்டுத்தொகையோடும் பொருந்தவில்லை. பம்ப் தொழிற்சாலை போல ஒரு பில்லை மட்டும் ஒதுக்கி மற்றதைச் சல்லிக்காசு பிசகாமல் கொடுப்பவருக்குப் பில்லில் பிரச்சினை. முழு எண்ணாக ஒரு தொகையை அனுப்பி "கணக்குல வச்சுக்கங்க" என்பவருக்குக் கையிருப்பில் பிரச்சினை. இருக்கிற பணத்தை எல்லாருக்கும் பங்கு போட்டு அனுப்புகிறார் என்று அர்த்தம்.

திருப்பூருக்கு அந்த மாதங்களில் காரணமும் இருந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத இறக்குமதி வரி விதித்தது. திருப்பூர்ப் பின்னலாடைக்கு அமெரிக்கா மிகப் பெரிய சந்தை. அமெரிக்க வாடிக்கையாளர்கள் ஆர்டரை நிறுத்தியோ தள்ளுபடி கேட்டோ ஏற்றுமதியாளரின் பணத்தை இழுத்தால், அதன் அடி அட்டைப்பெட்டிக்காரருக்கும் லேபிள்காரருக்கும்தான் முதலில் வந்து சேரும். கூலியையும் நூலையும் நிறுத்த முடியாது, பெட்டிக்காரரை நிறுத்தலாம். நம் ஆள் ஏமாற்றுக்காரர் இல்லை, நெருக்கடியில் இருக்கிறார் என்று இதிலிருந்து புரிகிறது. அது பேச்சின் தொனியை மாற்ற வேண்டும். பேச வேண்டிய அவசரத்தைக் குறைக்கக் கூடாது.

இவருக்குப் போன் கணக்காளரிடமிருந்து அவர்கள் கணக்காளருக்குப் போனால் பயனில்லை. யாருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் முதலாளி; அவரிடம் நம் முதலாளி நேரில் போய்ப் பேச வேண்டும். கையில் பில்வாரி ஸ்டேட்மென்ட் இருக்க வேண்டும். கேட்பது "எப்ப தருவீங்க" என்று இருந்தால் பதிலும் "பார்த்துச் செய்யறேங்க" என்றுதான் வரும். எந்தத் தேதியில் எவ்வளவு என்று கேட்க வேண்டும். வாரம் 1,25,000 பழைய பாக்கிக்கு வரட்டும், வந்த வாரம் 1,00,000 ரூபாய்க்குப் பெட்டி போகும், வராத வாரம் லோடு ஏறாது. இந்த ஏற்பாட்டில் வாரத்துக்கு 25,000தான் குறையும், 9,60,000 பழைய 5,30,000க்கு இறங்க நான்கு மாதம் ஆகும். மெதுவாகத்தான் தோன்றும். ஆனால் பாக்கி ஏறுவது இன்றோடு நின்றுவிடுகிறது, அதுதான் முதல் தேவை.

முழுதாக நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றும். அட்டைப்பெட்டி வியாபாரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. தைத்து, அயர்ன் போட்டு, பாலிபேக்கில் இட்ட சரக்கு பெட்டி இல்லாமல் கன்டெய்னரில் ஏறாது. கப்பல் தேதி நெருங்கும் வாரத்தில் பெட்டிக்காரரின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு வேறு எப்போதும் இருக்காது. முழுதாக நிறுத்தினால் அவர் வேறு பெட்டிக்காரரிடம் போவார், அந்தப் பிடியும் அவரோடு போய்விடும். இதே காரணத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாக்கி வைத்திருப்பவர் திடீரென்று ஆர்டரைக் குறைத்து, ஆனால் அவர் ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தால், பெட்டி வேறு இடத்திலிருந்து போகிறது. பழைய பாக்கி கேட்பாரற்றுக் கிடக்கப் போகிறது என்பதற்கு அது அடையாளம்.

பேச்சுக்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது. உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. எழுத்தில் தவணை பேசியிருந்தால் அந்தத் தவணைக்குள், எப்படியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. 2025 அக்டோபரில் பாங்க் ரேட் 5.75 சதவீதம், மூன்று மடங்கு 17.25. தவணை தாண்டிய 1,60,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி சுமார் 2,300 ரூபாய். அந்த வட்டியை வசூலிப்பவர்கள் குறைவு. வாங்குபவரை அதிகம் உறுத்துவது வருமான வரி விதி: குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் தராமல் வருட முடிவிலும் பாக்கி வைத்தால், அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். 2023–24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டிருந்தால் மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே நம் பெயரைத் தேடுவார். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு, உத்யம் பதிவு இருந்தாலும், இந்தக் காலத்தாமதப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் பேக்கரி. 64,000 ரூபாய். 2023 பிப்ரவரி 10 அன்று போட்ட பில், 30 நாள் தவணை மார்ச் 12 அன்று முடிந்தது. அதற்குப் பிறகு அவர் சரக்கும் வாங்கவில்லை, பணமும் தரவில்லை. 90க்கு மேல் என்ற கட்டத்தின் பெரிய குறை இங்கே தெரிகிறது: 91 நாள் பாக்கியும் 960 நாள் பாக்கியும் அதில் ஒன்றாகத்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் உள்ள ஒவ்வொரு பில்லுக்கும் தேதியைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். காலவரம்புச் சட்டம், 1963, கடனுக்கு விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட, தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு தருகிறது. பேக்கரிப் பாக்கிக்கு அது 2026 மார்ச் 12. அக்டோபர் முடிவில் நான்கு மாதம் சொச்சம்தான் மிச்சம்.

ஆனால் உடனே வக்கீலிடம் ஓட வேண்டியதில்லை. அந்தத் தேதிக்கு முன்னால், "31.10.2025 நிலவரப்படி ரூ. 64,000 தர வேண்டியது சரி" என்று பேக்கரிக்காரர் எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். 5,000 ரூபாய்க்குக் கையெழுத்திட்ட ஒரு செக் கொடுத்து அது பணமானாலும் அதே பலன். தேதி கடந்த பிறகு வெறுமனே பாக்கி சரி என்று எழுதி வாங்கும் கையெழுத்துக்கு இந்தப் பலன் இல்லை. எனவே 64,000 சிறு தொகை, வருமா என்பதும் சந்தேகம், ஆனாலும் ஒரு ஆள் நேரில் போய்க் கையெழுத்து வாங்கி வரும் வேலை இந்த மாதத்துக்குள் நடக்க வேண்டும். கையெழுத்தும் கிடைக்கவில்லை என்றால்தான், 64,000க்கு வழக்குச் செலவு கட்டுமா என்று யோசித்து, இல்லையென்றால் வாராக் கடனாகத் தள்ளிவிடலாம். தள்ளினாலும், அந்தப் பில்லுக்கு அன்று கட்டிய ஜி.எஸ்.டி. வாராக் கடன் என்ற காரணத்துக்காகத் திரும்பி வராது. இந்தியச் சட்டத்தில் அதற்கு வழியில்லை.

தாள் சொல்லாத ஒன்றை நாமே அதில் எழுத வேண்டும். வலது ஓரத்தில் ஒரு குறிப்புக் கட்டம்: யாரிடம் பேசினோம், என்ன தேதி சொன்னார், அந்தத் தேதியில் பணம் வந்ததா. மென்பொருள் இதைத் தானாக நிரப்பாது. ஒருவர் மூன்று முறை சொன்ன வாய்தா மூன்றும் தவறியிருப்பது கணக்காளர் நினைவில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறும்போது அதுவும் போய்விடும்.

அக்டோபர் தாளுக்கு என் வரிசை இது. மசாலாவின் வரவைப் பில்லில் சேர்ப்பதும், பம்ப் தொழிற்சாலையின் ஸ்டோருக்குப் போன் போடுவதும் இன்று காலைக்குள் முடியும் மேசை வேலை. முதலாளியின் முதல் போன், முதல் பயணம் இரண்டும் பனியன்காரருக்கு. பேக்கரிக்கு ஒரு ஆள், கையில் கையெழுத்து வாங்கும் தாளோடு. எண்ணெய் ஆலைக்கு ஒரு செய்தி. நவம்பர் 30 அன்று அடுத்த தாள் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்: பனியன்காரரின் செப்டம்பர் பில்கள் 3,80,000இல் எவ்வளவு 31–60க்கு நகர்ந்திருக்கிறது, 1,60,000இல் எவ்வளவு 61–90க்கு நகர்ந்திருக்கிறது. முதல் எண் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் வாராந்திர ஏற்பாடு நடக்கவில்லை, அடுத்த லோடைப் பணம் வந்த பிறகே ஏற்ற வேண்டும்.